முடியோரத்துப் பச்சை

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் கல்யாணம் ஆனவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், அவர்கள் வீட்டு ஆல்பத்தை ஒருமுறை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் நீர்வீழ்ச்சி கொட்டும். அடுத்த பக்கத்தில் பனிமலை. அதற்கடுத்த பக்கத்தில் தாஜ்மகால். அவர்களில் முக்கால்வாசிப் பேர் செங்குன்றத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். அத்தனை பேரையும் நோகாமல் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டவள் ஞானசெல்வி.

ராயபுரத்துப் பெண். அப்பா ஜார்ஜ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை. காலையில் மாதா கோயிலில் ஒரு நிமிஷம் முழங்கால் போட்டுவிட்டு, ராயபுரம் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்து, திருவொற்றியூரில் இறங்கி, தேரடி வரை நடந்து வருவாள். அங்கே பக்தவச்சலத்தின் கௌரி டிஜிட்டல் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், சாயங்காலம் வரை மற்றவர்களின் முகம்தான் அவளுக்கு உலகம். யாருக்கு எந்தப் பக்கம் பல் தூக்கல், யாருக்கு எந்தக் கண் சின்னது, யார் புன்னகை பொய், யாருடையது நிஜம் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். அந்த வட்டாரத்தில் அவளுக்குப் பெயரே 'டிசைனர் பொண்ணு'தான். ஞானசெல்வி என்று கேட்டு வந்தால் பக்கத்து டீக்கடைக்காரருக்கே தெரியாது.

பச்சைத் துணி வருவதற்கு முன்னால் அந்த ஸ்டுடியோவில் சாயம் போன ஒரு திரைதான் இருந்தது. படிக்கட்டும், மாடமும், ஒரு மயிலும் வரைந்தது. மயிலின் கழுத்து உரிந்து கோழி மாதிரி ஆகியிருந்தது. டிஜிட்டல் கேமரா வாங்கிய கையோடு பக்தவச்சலம் வடபழனி பக்கம் போய், சினிமாவில் வேலை செய்யும் தோஸ்து ஒருவனிடம் விசாரித்து, கிளிப்பச்சையில் பெரிய துணி ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தார். இதன் முன்னால் நிற்க வைத்து எடுத்து, கம்ப்யூட்டரில் பச்சையை மட்டும் கழற்றிவிட்டால், பின்னால் எந்த ஊரை வேண்டுமானாலும் வைக்கலாம். மனிதத் தோலிலும் தலைமுடியிலும் அந்த மாதிரிப் பச்சை கிடையாது என்பதால் கம்ப்யூட்டருக்குப் பிரித்தெடுக்கச் சுலபம். மயிலுக்கு அன்றே விடுதலை கிடைத்தது.

ஜனங்களுக்கு அது ஒரு திருவிழா. வியாசர்பாடியிலிருந்து ஒரு வாலிபன் ஜோராகக் கிளிப்பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். துணியோடு சேர்ந்து சட்டையும் கழன்று போய், ஊட்டி ஏரிக்கு மேலே அவன் தலையும் இரண்டு கையும் மட்டும் மிதந்தன. ஞானசெல்வி பயந்துபோய் வேறு சட்டையில் வரச் சொன்னாள். அவனோ, "இதுவே சூப்பரா கீதுக்கா, அப்டியே பிரிண்ட் போட்டுக் குடு" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டான். அப்படி ஒரு காலம். இன்று கைபேசியே பின்னணியை மாற்றித் தருகிறது. யாருக்கும் அதில் ஒரு குஷியும் இல்லை.

ஆனால் ஸ்டுடியோ இருந்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். ரயில் பெட்டியில் ஒரு தடுப்பு இருக்குமே, அந்த அளவுதான் அறை. துணியிலிருந்து நாலடி ஐந்தடி தள்ளி ஆளை நிறுத்தினால்தான் நல்லது. துணி மேல் அடிக்கிற விளக்கு வெளிச்சம் பச்சையாகத் திரும்பி வந்து ஆள் மேல் படாது. இங்கே அவ்வளவு தள்ளி நிறுத்தினால் ஆள் பக்தவச்சலத்தின் மடியில்தான் நிற்க வேண்டும். ஆகவே எல்லோரும் துணியை ஒட்டியே நின்றார்கள். தோளில், தாடை ஓரத்தில், முக்கியமாக முடியோரத்தில், பச்சை லேசாக ஏறிவிடும். துணியைக் கழற்றினாலும் அது போகாது. சிலிர்த்து நிற்கும் ஒவ்வொரு முடியும் பாசி பிடித்த மாதிரித் தெரியும்.

அந்தப் பச்சையைக் கழுவுவதுதான் ஞானசெல்வியின் அன்றாட ரோதனை. அவள் கண்டுபிடித்து வைத்திருந்த வழி சுலபமானது. கம்ப்யூட்டரில் ஸ்பான்ஜ் என்று ஒரு கருவி உண்டு. அதை வைத்து முடியோரத்தில் தேய்த்தால் நிறம் உறிஞ்சப்பட்டு பச்சை போய்விடும். நம் ஊர் ஆட்களுக்கு எண்ணெய் வைத்து வாரிய கருகரு முடி. தேய்த்த இடம் கொஞ்சம் மங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வருஷமாக இப்படியே ஓடியது. யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

இங்கே ஞானசெல்வியின் தலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு வயதிலேயே அவளுக்குக் காதோரம் நரைக்க ஆரம்பித்துவிட்டது. முப்பதைத் தொடும்போது முன்நெற்றியில் ஒரு பட்டையே வெளுத்திருந்தது. "உங்கம்மாவுக்கும் இப்டித்தாம்மா" என்பார் ஜார்ஜ். அது ஆறுதலா என்று அவருக்கே தெரியாது. நரை தொடங்கிய புதிதில் இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் போட்டோவைப் பார்த்துவிட்டு, பெண்ணுக்கு உண்மையில் என்ன வயது என்று மெல்ல விசாரித்தார்கள். சாயம் பூசினால் அவளுக்குத் தலையெல்லாம் அரிப்பெடுத்து வீங்கிவிடும். அதற்குப் பிறகு அவள் போட்டோவே எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் ஊரில் உள்ள முகமெல்லாம் இருந்தது, அவள் முகம் மட்டும் இல்லை.

ஒரு நாள் எர்ணாவூரிலிருந்து வேம்பு என்ற மீன்காரம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மகள் மலர்க்கொடி. சுனாமிக்கு முன்னால் எண்ணூர்க் குப்பத்தில் இருந்தவர்கள். இப்போது எர்ணாவூரில் அரசாங்கம் தந்த கொட்டகையில் இருந்தார்கள். கடல் வீட்டுக்குள் வந்து போனபோது இருந்த போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. காட்டுப்பள்ளியில் ஒரு மாப்பிள்ளை, பெயர் அன்புமணி, எண்ணூர்ப் புதுத் துறைமுகத்தில் கான்ட்ராக்டில் வேலை. அவர்கள் வீட்டுக்கு அனுப்பப் பெண்ணின் போட்டோ ஒன்று வேண்டும்.

"பூவு நெறைய கீற மாரி ஒரு தோட்டம் போடு பாப்பா. எம்பொண்ணு நடுவுல நிக்கணும்" என்றாள் வேம்பு.

"ஏம்மா, நாம இன்னா தோட்டத்துலயா குடியிருக்கோம்?" என்று மலர்க்கொடி முணுமுணுத்தாள்.

அவளுக்குச் சுருட்டை முடி. உப்புக் காற்றும் வெயிலும் பட்டுப் பட்டு நல்ல செம்பட்டை. வேம்பு அரைப் படி எண்ணெய் வைத்து அழுத்தி வாரியிருந்தும், முடி சொன்ன பேச்சுக் கேட்காமல் காதைச் சுற்றியும் உச்சியிலும் சிலிர்த்துக்கொண்டு நின்றது. தலையில் மல்லிகையும் மரிக்கொழுந்தும் சேர்த்துத் தொடுத்த சரம். பக்தவச்சலம் "லைட்டா சிரிம்மா" என்றார். அவள் லேசாக இல்லை, நன்றாகவே சிரித்தாள். கீழ்ப்பல் வரிசையில் ஒன்று முன்னால் பின்னால் இருந்தது அப்போது தெரிந்தது. அழகான சிரிப்பு.

அன்று ஆறு ஜோடி வேலை வரிசையில் நின்றது. ஞானசெல்வி துணியைக் கழற்றினாள், தோட்டத்தை வைத்தாள், முடியோரத்தில் எப்போதும் போல ஸ்பான்ஜைப் போட்டு நாலு தேய் தேய்த்து பிரிண்ட் போடும் லேபுக்கு அனுப்பிவிட்டாள். போட்டோ காட்டுப்பள்ளிக்குப் போயிற்று.

பத்துப் பதினைந்து நாள் கழிந்தது. ஒரு மத்தியானம் வேம்பு ஸ்டுடியோ படியேறி வந்தாள். மீன் கூடையைக்கூட வைத்துவிட்டு வரவில்லை. கூடையை வாசலில் இறக்கிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த கவரை எடுத்து மேசை மேல் வைத்தாள். மலர்க்கொடி அவள் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"இன்னா வேல பாத்து வச்சிக்கிறீங்க?" என்றாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பொண்ணுக்கு நரைச்சிப் போச்சாம். முப்பத்தஞ்சி வயசு இருக்கும், கொறச்சி சொல்றீங்கன்றாங்க. எம்பொண்ணுக்கு இருபத்திமூணு கூட முழுசா ஆவல."

ஞானசெல்வி போட்டோவை எடுத்துப் பார்த்தாள். கரும்பச்சை இலைகளும் பூக்களும் நிறைந்த தோட்டம். அதன் முன்னால் மலர்க்கொடியின் தலையைச் சுற்றி ஒரு வெள்ளிக் கம்பி வளையம். சிலிர்த்த ஒவ்வொரு முடியும் நரைமுடி. கம்ப்யூட்டர் திரையில் இது இவ்வளவு தெரியவில்லை. பிரிண்டில், இருட்டான பின்னணிக்கு முன்னால், கிழவி தலை மாதிரிப் பளிச்சென்று தெரிந்தது.

நரை என்ற சொல்லை அவள் அந்த அறையில் கேட்கவே விரும்பியதில்லை. இப்போது அந்தச் சொல்லைத் தன் கையாலேயே ஒரு பெண்ணின் தலையில் வைத்து, பிரிண்ட் போட்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பி வைத்திருக்கிறாள். வேறு யாராவது செய்திருந்தால் தாங்கியிருப்பாள். அவளுக்கு அழுகை வந்தது.

"அப்ப வேற போட்டோ புடிச்சிக் குடுத்துடலாம்மா. வெளிய வெயில்ல நிக்க வச்சி எடுத்துத் தரேன், காசே வாணாம்" என்றார் பக்தவச்சலம்.

"வேற போட்டோ குடுத்தா வேற பொண்ணக் காட்றோம்பாங்க. இல்லன்னா மை பூசிக்கினு வந்து நின்னாம்பாங்க. இதே போட்டோ, இதே சிரிப்பு, இதே சேலை. இதுல நரை இல்லன்னு காட்னாத்தான் போட்டோவுலதான் கோளாறுன்னு நம்புவாங்க" என்றாள் வேம்பு. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. "மாப்ள அம்மா போட்டோவப் பாத்துப் புடிச்சாத்தான் வூட்டாண்ட காலெடுத்து வைக்கும். அடுத்த வாரம் பழவேற்காட்டுல வேற பொண்ணப் பாக்கப் போறாங்களாம்."

ஆக, பந்தயம் இதுதான். அடுத்த வாரத்துக்குள் அந்த வெள்ளி வளையம் போக வேண்டும். போகாவிட்டால் மலர்க்கொடி காட்டுப்பள்ளிக் கதவுக்கு வெளியே.

"இதுக்கு ஏன் பேஜாராவுற செல்வி? கருப்ப எடுத்து நல்லா அப்பிவுடு" என்றார் பக்தவச்சலம்.

அப்பினாள். முடியோரம் முழுவதையும் கருக்கினாள். சிலிர்த்த முடியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மலர்க்கொடி நாடக மேடை டோப்பா ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு நின்ற மாதிரி ஆகிவிட்டது. வேம்புக்கு மட்டும் அது பிடித்துவிட்டது. "ஜம்முனு கீது. இத்தயே குடு" என்றாள்.

மலர்க்கொடி அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள்.

"வாணாம்மா. போன தபா தண்டையார்பேட்டைல இப்டித்தான் கருப்படிச்சிக் குடுத்தாங்க. போட்டோவப் பாத்துட்டு வந்தாங்க. என்னப் பாத்துட்டு, பொண்ணு முடி இப்டியான்னு ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கினாங்க. பஜ்ஜியத் துன்னுட்டுப் போனவங்கதான்." ஞானசெல்வியைப் பார்த்தாள். "யக்கா, எனக்கு செம்பட்டதான். இருக்கறத இருக்கற மாரி போட முடியுமா உன்னால? புடிச்சா வரட்டும், புடிக்கலன்னா போட்டோவோட போவட்டும். வூட்டுக்கு வந்து மூஞ்சத் திருப்பிக்கினு போவ வாணாம்."

ஞானசெல்வி தலையை ஆட்டினாள்.

நல்ல வேளை, பக்தவச்சலம் எந்த வேலையானாலும் கேமராவிலிருந்து இறங்கிய மூலப்படத்தை சிடியில் போட்டு வைப்பார். மறுநாள் காலையிலேயே அதைத் தேடி எடுத்துத் திரையில் பெரிதாக்கினாள். கிளிப்பச்சைத் துணி, அதன் முன்னால் மலர்க்கொடி, தலையைச் சுற்றிப் பச்சை ஏறிய முடி. பக்கத்தில் கெட்டுப்போன படத்தையும் வைத்து ஒப்பிட்டாள். எவ்வளவு நேரம் பார்த்தும் எங்கே தப்பு என்று பிடிபடவில்லை.

பிடித்துக் கொடுத்தது மரிக்கொழுந்து. மூலப்படத்தில் பூச்சரத்தில் மரிக்கொழுந்து பச்சைப்பசேலென்று இருந்தது. கெட்டுப்போன படத்திலோ அதுவும் சாம்பல். காய்ந்து உதிரப்போகிற மாதிரி. தேய்த்தபோது ஸ்பான்ஜ் அந்தப் பக்கமும் போயிருக்கிறது. ஸ்பான்ஜுக்குத் துணியின் பச்சை, இலையின் பச்சை, முடியின் சிவப்பு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. எதைத் தேய்த்தாலும் இருக்கிற நிறம் மொத்தத்தையும் குடித்துவிடும். பச்சையோடு சேர்த்து மலர்க்கொடியின் செம்பட்டையையும் குடித்துவிட்டது. துணி வெளிச்சத்தில் முடியோரம் ஏற்கெனவே பளபளப்பாக இருந்ததா, நிறம் போனதும் அந்தப் பளபளப்பு மட்டும் மிஞ்சி வெள்ளியாகிவிட்டது. கருப்பு முடிக்காரர்களிடம் இத்தனை நாள் தப்பித்தது இந்தக் கண்மூடித்தனம்தான்.

"அடப்பாவி, நீதானா" என்று ஸ்பான்ஜைப் பார்த்துச் சொன்னாள். பக்தவச்சலம் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து டீ வாங்கிவரப் போய்விட்டார்.

பிறகு நிதானமாக ஆரம்பித்தாள். முதலில் துணியைக் கழற்றினாள். அழிக்காமல், மறைத்து மட்டும் வைத்தாள். முடியோரத்தை கத்திரி போட்ட மாதிரி வெட்டாமல், பாதி தெரியும் முடியைப் பாதி தெரிகிற மாதிரியே விட்டாள். பூச்சரத்துக்கு ஒரு வேலி போட்டாள், மரிக்கொழுந்தின் பச்சை அதன் சொந்தப் பச்சை, அதை யாரும் தொடக் கூடாது. அடுத்து, முடியோரத்தில் பச்சை மட்டும் எங்கே சிவப்பைவிட மேலே ஏறி நிற்கிறதோ, அங்கே பச்சையை மட்டும் கீழே இறக்கினாள். மற்ற நிறங்களைத் தொடவில்லை. பாசி போயிற்று. ஆனால் முடி இன்னும் வெளிறிப்போய்த்தான் இருந்தது.

அதற்கு மேல் ஒரு புது அடுக்கு போட்டாள். அது நிறத்தை மட்டும் பூசும். கீழே இருக்கிற வெளிச்சத்தையும் இருட்டையும் தொடாது. அப்போதுதான் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நிற்கும், டோப்பா ஆகாது. துணியின் சாயல் எட்டாத இடமாகப் பார்த்து, காதுக்குப் பின்னால் சுருண்டிருந்த முடியிலிருந்து மலர்க்கொடியின் செம்பட்டையைத் தொட்டு எடுத்தாள். அந்த நிறத்தைச் சின்ன பிரஷில் எடுத்து ஓரத்து முடிகளின் மேல் மெல்ல மெல்லப் பூசினாள். கடைசியாகத் துணி வெளிச்சம் ஏற்றிவிட்ட அந்தப் பளபளப்பைக் கொஞ்சம் மட்டும் குறைத்தாள்.

மத்தியானச் சோறு டப்பாவிலேயே ஆறிக் கிடந்தது. பக்தவச்சலம் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்து, வரிசையில் நிற்கும் மற்ற வேலைகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். சாயங்காலம் திரையில் மலர்க்கொடி நின்றாள். பூந்தோட்டத்துக்கு நடுவில், அடங்காத செம்பட்டைச் சுருட்டை முடியோடு, அந்தக் கோணல் பல் சிரிப்போடு. இது நரைக்காரி இல்லை, டோப்பாக்காரியும் இல்லை. எர்ணாவூர் வேம்புவின் மகள்.

பிரிண்ட் வந்ததும் கூடவே இன்னொன்றும் போட்டுக் கொடுத்தாள், தோட்டம் இல்லாமல், கிளிப்பச்சைத் துணியோடு எடுத்தது எடுத்தபடி. "பழசோட சேத்து இந்த ரெண்டையும் குடுங்க. எங்கருந்து அந்தக் கோளாறு வந்துச்சின்னு பாத்துக்கட்டும்" என்றாள்.

மூன்று நாளில் காட்டுப்பள்ளியிலிருந்து செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். வேம்பு நேராக ஸ்டுடியோவுக்கு வந்தாள். "நீயும் வூட்டாண்ட வந்துடு பாப்பா. போட்டோ உன்னுது. எதுனா கேட்டா நீதான் சொல்லணும், எனக்கு இன்னா தெரியும்?"

இப்படியாக, தன்னைப் பார்க்க யாரும் வராத ஞானசெல்வி, மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு இன்னொருத்தியின் பெண் பார்க்கும் சடங்கில் சாட்சி சொல்லப் போனாள். சேலை முந்தானையால் முன்நெற்றியை மறைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். கொட்டகைக்குள் காற்று இல்லை. பஜ்ஜி வாசனையும் தகரச் சூடும். மாப்பிள்ளை அன்புமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா செங்கொடி பெரிய உருவம், கறாரான முகம். துறைமுகச் சங்கத்தில் கொடி பிடித்த அவள் அப்பா வைத்த பெயர். அதற்கேற்ற மாதிரியே உட்கார்ந்திருந்தாள். கையில் அந்த மூன்று போட்டோவும் இருந்தன.

மலர்க்கொடி காபித் தட்டோடு வந்தாள். செங்கொடி தட்டைக் கவனிக்கவில்லை. எழுந்து, அவள் கையைப் பிடித்து, வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஞானசெல்வியும் தன்னை அறியாமல் எழுந்துவிட்டாள்.

வெளியே நல்ல வெயில். கடல் காற்றில் மலர்க்கொடியின் முடி எழும்பி நின்று, ஓரமெல்லாம் சிவந்து மின்னியது. செங்கொடி தோட்டத்துப் போட்டோவை அவள் காதருகே பிடித்து, போட்டோவைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள். மறுபடி போட்டோவைப் பார்த்தாள்.

"போட்டோவுல கீற மாரியே கீறா" என்றாள். "இதுவரிக்கும் எத்தினி பொண்ணு பாத்துக்கீறேன். ஒருத்தியும் போட்டோவுல கீற மாரி இருந்ததில்ல."

பிறகு காபியை எடுத்துக் குடித்தாள். அன்புமணி அப்போதுதான் தலையைத் தூக்கினான். வேம்பு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே ஞானசெல்விக்கு இன்னும் இரண்டு பஜ்ஜி வைத்தாள்.

கல்யாணம் காட்டுப்பள்ளியிலேயே நடந்தது. முடிந்த சில நாளில், புது ஜோடி ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கப்படி, மலர்க்கொடியும் அன்புமணியும் கௌரி டிஜிட்டலுக்கு வந்தார்கள். ஜோடியாக எடுத்து முடிந்ததும், "இன்னும் ஒண்ணு. அக்காவும் நானும்" என்றாள் மலர்க்கொடி.

"ஐயோ, நான் வாணாம்" என்றாள் ஞானசெல்வி.

"நீ இல்லாம இது நடந்துருக்குமா? வா யக்கா." கையைப் பிடித்து இழுத்துப் பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்திவிட்டாள். வியர்த்துப்போன ஞானசெல்வி அவசரமாக இழுத்துப் போட்டுக்கொண்ட முந்தானை தலையிலிருந்து நழுவியது. சரிசெய்துகொள்வதற்குள் பக்தவச்சலம் சொடுக்கிவிட்டார்.

அவர்கள் போன பிறகு அவள் அந்தப் படத்தைத் திறந்தாள். எட்டு வருஷத்தில் முதல் படம். செம்பட்டைச் சுருட்டைத் தலை ஒன்று, அதை ஒட்டிக்கொண்டு வெளுத்த பட்டை விழுந்த தலை ஒன்று. இரண்டின் ஓரத்திலும் பச்சை ஏறியிருந்தது. அவள் நரை மேல் அது இன்னும் அதிகம். வெளுத்த முடிக்கு எந்தச் சாயமும் சட்டென்று பிடிக்கும்.

பின்னால் நின்ற பக்தவச்சலம் மெதுவாகச் சொன்னார். "செல்வி, இது நம்ம கடை. யாருக்கும் தெரியப் போறதில்ல. ஒரு நிமிஷ வேல, கருப்பாக்கிடு. அழகா வருவ."

அவள் மலர்க்கொடியின் தலையை முதலில் முடித்தாள். பச்சையை இறக்கி, அவள் செம்பட்டையை எடுத்து அவளுக்கே பூசினாள். அதே பிரஷைத் தன் தலைக்குக் கொண்டுவந்தாள். எந்த நிறத்தைத் தொட்டு எடுப்பது என்று யோசித்தாள். கருப்பு ஒரு சொடுக்குத் தூரத்தில் இருந்தது. அதை எடுத்தால் ஜார்ஜ்கூடச் சந்தோஷப்படுவார். பெண் கேட்கிற யாருக்காவது அனுப்பலாம்.

பிரஷை வைத்துவிட்டாள். அந்த நாளிலிருந்து தொடாமல் விட்டிருந்த ஸ்பான்ஜை எடுத்தாள். தன் நெற்றி முடியின் மேல் மெல்லத் தேய்த்தாள். பச்சை போயிற்று. நரை நரையாகவே வந்து நின்றது, சுத்தமாக, ஒவ்வொரு இழையாக. மற்ற எந்தத் தலைக்கும் கெடுதல் செய்யக்கூடிய கருவி, அவள் தலைக்கு மட்டும் சரியாக இருந்தது.

பின்னால் தோட்டம் வைக்கவா, பனிமலை வைக்கவா என்று பக்தவச்சலம் கேட்டார்.

"எர்ணாவூர் கடற்கரை படம் ஒண்ணு எடுத்து வச்சிருந்தீங்களே அண்ணா," என்றாள் ஞானசெல்வி. "அத்தக் குடுங்க."

இரண்டு பிரிண்ட் போட்டாள். ஒன்று காட்டுப்பள்ளிக்குப் போயிற்று. இன்னொன்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலேறினாள். வீட்டுக்குப் போனதும் ஜார்ஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"அப்டியே உங்கம்மாதான்மா நீ" என்றார். இந்த முறை அது அவளுக்கு நன்றாக இருந்தது. மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கச் சொன்னாள்.